முப்பதாவது புள்ளியின் உப்பு

என் விசிட்டிங் கார்டில் ‘ஜி.ஐ.எஸ். நிபுணர்’ என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவன் என்று அர்த்தம். திண்டிவனத்தில் அதை வாங்கிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் நான் இன்ஷூரன்ஸ் பிடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். என் அப்பா யசோதரன் நயினார் கார்டைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் காலியாக இருந்ததால், அதில் மூட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டார். எங்களுக்கு மார்க்கெட் ரோட்டில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம், இருக்கிறது. மூன்று தலைமுறையாக அதில் உட்கார்ந்தவர்களில், உட்கார மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் நான்தான். சென்னைக்குப் போய்ப் படித்து, விழுப்புரத்தில் ஒரு தனியார் வேளாண் ஆலோசனை நிறுவனத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஆக, உட்காருவதில் இருந்து தப்பிக்கவில்லை. நாற்காலிதான் மாறியது.

2012இல் நெடும்பாக்கம் என்ற ஊரின் மண் வரைபடத்தை என்னிடம் கொடுத்தார்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இருக்கிற ஊர். வேலை சொல்வதற்குச் சுலபமானது. ஊரில் முப்பது இடத்தில் மண் எடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஜி.பி.எஸ். கருவியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அவர்கள் காரம், உப்பு, சத்து எல்லாம் அளந்து பட்டியல் கொடுப்பார்கள். என்னிடம் இருக்கும் புள்ளிக்கு மண் எப்படி என்று தெரியாது. அவர்களிடம் இருக்கும் மண்ணுக்குத் தான் எந்த ஊர் என்றே தெரியாது. இரண்டையும் பை எண்ணை வைத்துச் சேர்த்தால் வரைபடம். இந்தச் சேர்த்து வைக்கும் வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். நான் ஒரு கல்யாணத் தரகன் என்று சொன்னாலும் தப்பில்லை.

முதல் புள்ளியை எங்கள் நிலத்தில் வைத்தேன். வேறு எங்கே வைப்பேன்? எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா அந்த ஊரில் நிலம் வாங்கி, ஆழமாக போர் போட்டு, தென்னையும் மல்லாட்டையும் வைத்திருந்தார். நான் கருவியை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் பார்த்தார்.

“என்னாடா, சிக்னல் கிடைக்கலையா? ரோட்டாண்ட போய் பேசு” என்றார்.

அது போன் இல்லை என்று விளக்கினேன். பூமியில் நாம் நிற்கிற இடத்தைச் சில மீட்டர் பிசகுக்குள் சொல்லும் என்றேன். “நான் நிக்கிற இடம் எனக்குத் தெரியுமே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்படி எங்கள் நிலம் 001. வாய்க்கால் ஓரமாகவே நடந்து, ஊரைச் சுற்றி, மெயின் ரோட்டுப் பக்கம் சூசை மேரியின் நிலத்தில் முடித்தேன். அது 030. சூசை மேரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், எங்கள் மண்டியின் பழைய வாடிக்கை. கணவர் இல்லை. மகன் அந்தோணி பிரபு சென்னையில் ஏதோ கம்பெனியில் இருந்தான். ஒன்றரை ஏக்கரைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். நான் மண் எடுத்த குழியைக் காலால் தள்ளி மூடிவிட்டு, “எடுத்துக்கினு போறதுக்கு மண்ணுதான் மிச்சம் இருந்திச்சு. அதையும் எடுத்துக்கினியா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு போட்டேன். அதில் பென்சிலால் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. எண்ணைப் போடவில்லை. எண்தான் பைமேலேயே இருக்கிறதே, எதற்கு இரண்டு தடவை என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் சிக்கனமாக இருந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

ஈர மண்ணை அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்பக்கூடாது. நிழலில் காய வைத்து, கட்டி உடைத்து, சலித்து, அரைக்கிலோ மட்டும் புதுப் பையில் போட்டு அனுப்ப வேண்டும். நிழலும் சிமெண்டுத் தரையும் எங்கள் மண்டியில்தான் இருந்தது. முப்பது குவியலைப் பரப்பி வைத்தோம். பழைய பை ஒவ்வொன்றையும் அதனதன் குவியல் தலைமாட்டில் வைத்து, சீட்டின்மேல் ஒரு கல்லையும் வைத்தேன். மறுபடி கட்டும்போது மண்ணோடு சீட்டும் புதுப் பைக்குள் போனது. வெளியே எண் எழுதும் வேலையை அப்பா பிடுங்கிக்கொண்டார்.

“உன் கையெழுத்து கோழி கீறின மாரி கீது. நகுரு” என்று மூட்டைக்குக் குறி போடுகிற மையையும் பிரஷையும் எடுத்து, முப்பது பையிலும் எட்டு அடி தூரத்திலிருந்து படிக்கலாம் போல எழுதித் தள்ளினார். நான் அதற்குள் ஓரமாக உட்கார்ந்து, ஜி.பி.எஸ்.ஸில் இருந்து லேப்டாப்புக்குப் புள்ளிகளை ஏற்றி, வேலை செய்கிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதியதை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விழுப்புரத்து ஆய்வகத்தில் எலிசா என்ற பெண் இருந்தார். சோதனை செய்வதும் அவர்தான், கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவர்தான், போனை எடுப்பதும் அவர்தான். ஒருநாள் கூப்பிட்டு, “சார், ஒரு பையில நம்பர் இல்லீங்க, வேற என்னமோ...” என்று ஆரம்பித்தார். ஊர்க் கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நான் புரொஜெக்டர் வயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“மேல என்ன எழுதியிருக்கோ அதையே போடுங்கம்மா” என்று வைத்துவிட்டேன்.

பட்டியல் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. சேர்த்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடச் சேரவில்லை. முப்பது புள்ளிக்கும் நேரே வெற்றுக் கட்டங்கள். காரணம் உடனே தெரிந்துவிட்டது. என் கருவி 002 என்று எழுதுகிறது, எலிசா வெறும் 2 என்று எழுதியிருக்கிறார். மனிதனுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் முன்பின் அறியாத ஆட்கள். எண்களை ஒரே மாதிரி திருத்திவிட்டு மறுபடி சேர்ப்பதுதான் முறை. பத்து நிமிஷ வேலை. செய்திருந்தால், சேராமல் நின்ற ஒரு வரி என் முகத்துக்கு நேரே வந்து நின்றிருக்கும்.

எனக்கோ புத்தி அதிகம். இரண்டு பக்கத்தையும் எண்ணினேன். இங்கே முப்பது வரி, அங்கே முப்பது வரி. எலிசா ஒழுங்கான பெண், பட்டியலைச் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு அடுக்கியிருக்கிறார். பிறகு எதற்கு எண்? முடிவுகள் இருந்த கட்டங்களை மட்டும் காப்பி எடுத்து, என் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அப்படியே ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. கடைசி வரியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் LA என்று இங்கிலீஷில் இரண்டு எழுத்து இருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எதையோ சுருக்கி எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வரைபடம் அழகாக வந்தது. ஊர் முழுக்கப் பச்சைப் புள்ளி, அங்கங்கே மஞ்சள், மெயின் ரோட்டு ஓரத்தில் ஒரே ஒரு சிவப்பு. முப்பதாவது புள்ளி. உப்பு நாலைத் தாண்டியிருந்தது, காரம் ஒன்பதை நெருங்கியிருந்தது. அந்த மண்ணில் மல்லாட்டை போட்டால் பாதிகூடத் தேறாது.

ஊர்க் கூட்டத்தில் அதை விளக்கினேன். சூசை மேரி முன்வரிசையில் இருந்தார்.

“அந்தச் செவப்பு யாருதுபா?”

“உங்களுதும்மா.”

அவர் சண்டை போட்டிருக்கலாம். என் மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கலாம். நான் அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவரோ, “மிஷினே சொல்லிடுச்சா” என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் மழை சரியில்லை. செடி கொஞ்சம் வாடினாலும் உப்பு உப்பு என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்திருக்கும். என் வார்த்தைக்கு ஒருவர் இவ்வளவு மரியாதை கொடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் 001 நல்ல கரும்பச்சை. ஊருக்கே காட்டும் மாதிரி நிலமாக அதையே வைத்துக்கொள்ளலாம், அப்பா பெயரில் ஒரு போர்டு வைக்கலாம் என்று என் நிறுவனத்தில் சொன்னார்கள். அப்பா அன்று முதல் மண்டிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் என்னை “மேப் நிபுணரு” என்று அறிமுகப்படுத்தினார். கார்டைக் கேட்டு வாங்கி, இந்தத் தடவை முன்பக்கத்தைக் காட்டினார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் நான் மண்டியில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லீவு நாள். சூசை மேரி தன் மல்லாட்டையை டாடா ஏஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அப்பா ஒரு மூட்டையைப் பிரித்து, நாலு காயை உடைத்துப் பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

“நல்லா கட்டா கீதே சூசைம்மா. இந்த வருசத்துல இப்பிடி காயி நான் பாக்கல.”

“கடைசி வெள்ளாமை இல்ல, அதான் குடுத்துட்டுப் போவுது” என்றார் அவர். “நிலத்த சீனுவாசனுக்குக் குடுக்கிறேன் நயினாரே. பிளாட் போடுறாராம். மதியம் மூணு மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீசு.”

“ஏன், என்னாத்துக்கு?”

“உப்பு மண்ணுதானே. புள்ள ரொம்ப நாளா குடுத்துடு குடுத்துடுன்னு சொல்லிக்கினு கெடந்தான். நாந்தான் அவுங்கப்பா வாங்கினதாச்சேன்னு இழுத்துக்கினு இருந்தேன். தம்பி மிஷினுல பாத்து சொன்னப்புறம் இன்னா கீது? செத்த மண்ண கட்டிக்கினு அழறதா?” என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கோபமே இல்லை. நன்றி சொல்கிற மாதிரிகூட இருந்தது.

எனக்கு இட்லி இறங்கவில்லை. உப்பு நாலைத் தாண்டிய மண்ணில் இப்படிக் காய் கட்டாது. அது எனக்கே தெரியும், கூட்டத்தில் நான்தான் விளக்கினேன். ஒருவேளை பெய்த கொஞ்ச மழையே உப்பைக் கழுவியிருக்கலாம், ஒருவேளை நான் மண் எடுத்தது உப்புப் பூத்த மூலையாக இருந்திருக்கலாம் என்று நிபுணத்தனமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் ஆள் பச்சைமுத்து மூட்டையை இறக்க ஆரம்பித்தான். அப்பா பக்கத்தில் நின்று எண்ணினார்.

“லாபம்... ரெண்டு... மூணு...”

எங்கள் மண்டியில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. முதல் மூட்டையை ‘லாபம்’ என்றுதான் சொல்ல வேண்டும். முதல் மரக்காலும் லாபம்தான், முதல் கூடையும் லாபம்தான். ஒன்று என்று ஆரம்பித்தால் ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். நான் எண்ணக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். ஒண்ணாம் வகுப்பில் டீச்சர் எண்ணச் சொன்னபோது லாபம் என்று ஆரம்பித்து அடி வாங்கியிருக்கிறேன்.

“அப்பா, அந்த மண்ணுப் பையில எல்லாம் நம்பர் எழுதினியே, முதல் பையில என்னா எழுதின?”

அவர் எண்ணிக்கையை விடாமல் “நாலு” என்று முடித்துவிட்டுத் திரும்பினார். “என்னா எழுதுவாங்க? லா-ன்னு போட்டேன். ஏன்?”

எலிசாவின் கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது. லா என்பதை LA என்று போட்டிருக்கிறார். மேலே எழுதியிருப்பதையே போடச் சொன்னவன் நான்தான். பட்டியலை அடுக்கும்போது எண்கள் முதலில் வரும், எழுத்துக்கள் கடைசிக்குப் போகும். முதல் பை கடைசி வரிக்குப் போய்விட்டது. இரண்டாவது பையின் முடிவு 001 புள்ளியில் போய் உட்கார்ந்திருக்கிறது, மூன்றாவதன் முடிவு 002இல். ஊர் மொத்தமும் ஒரு நிலம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து நிலத்து மண்ணும் நம் மண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் ஒட்டிக்கொண்ட LA மட்டும் ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பறந்து, சூசை மேரியின் தலையில் விழுந்திருக்கிறது.

அப்படியென்றால் அந்த உப்பு யாருடையது?

“சூசைம்மா, இன்னிக்கு ரெஜிஸ்டர் வேணாம். எனக்கு ஒரு டவுட்டு கீது” என்றேன்.

“நீதானே தம்பி சொன்ன? இப்ப நீயே டவுட்டுன்னா?” அவர் சிரித்தார். “சீனுவாசன் பத்திரம் எல்லாம் எழுதி வச்சிட்டாரு. புள்ள லீவு போட்டுட்டு வந்துக்கினு கீறான். டவுட்டுன்னு சொல்லி எப்படிப்பா நிறுத்தறது? உறுதியா சொன்னா நிறுத்தலாம்.”

உறுதியாக. தப்பைச் சொல்லும்போது எவ்வளவு உறுதியாகச் சொன்னேன். சரியைச் சொல்ல மட்டும் சாட்சி தேவைப்படுகிறது. அப்பாவிடம் காரணம் சொல்லாமல் விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது, கேட்பவர் யாரும் இல்லாததால் உண்மையைச் சொல்கிறேன், ஒரு யோசனை வந்தது. மூன்று மணி தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். நிலம் பிளாட்டாகிவிடும், பிளாட்டில் உப்பு இருந்தால் என்ன, சர்க்கரை இருந்தால் என்ன? அப்பாவின் போர்டும் நிற்கும், என் கார்டும் நிற்கும். டோல்கேட் தாண்டுகிற வரைக்கும் அந்த யோசனை சுகமாக இருந்தது. பிறகு அந்தம்மா எனக்கு நன்றி சொன்ன மாதிரி தலையாட்டியது ஞாபகம் வந்தது. அசிங்கமாக இருந்தது.

ஆய்வகத்தில் சோதித்தது போக மிச்ச மண்ணைப் பையோடு அலமாரியில் வைத்திருப்பார்கள். அதைத்தான் நம்பிப் போனேன்.

“நான் அன்னிக்கே போன் பண்ணேனே சார்” என்றார் எலிசா. சொல்லிவிட்டு அலமாரிச் சாவியை எடுத்தார்.

லா என்று பெரிதாக எழுதிய பையை அவிழ்த்தோம். உள்ளே என் சீட்டு இருந்தது, பென்சில் என்பதால் அழியவில்லை. அதில் இருந்த எண்களை லேப்டாப்பில் அடித்துப் புள்ளி வைத்தேன். புள்ளி நெடும்பாக்கத்தில் விழவில்லை. விக்கிரவாண்டிக்கு மேற்கே எங்கேயோ போய் விழுந்தது. அடுத்த பையை அடித்தேன். அதுவும் அங்கேயே. முப்பது பையையும் நான் எங்கிருந்து அள்ளினேன் என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

“சார், 12 டிகிரி 11.412 நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. நீங்க 12.11412ன்னு அடிக்கிறீங்க” என்று எலிசா சீட்டைக் காட்டினார்.

டிகிரிக்கு அறுபது நிமிஷம். நிமிஷத்தை அறுபதால் வகுத்துத்தான் டிகிரியோடு கூட்ட வேண்டும். 12.1902 என்று வரும். முதல் வருஷப் பாடம். விழுப்புரம் வருவதற்கு முன்னால் அதைத்தான் நான் இரண்டு வருஷம் கல்லூரிப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எத்தனை பேர் இப்போது எங்கெங்கே குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்களோ.

சரியாக வகுத்து, முப்பது சீட்டையும் எலிசா படிக்க நான் அடித்தேன். இந்தத் தடவை எண்ணை நம்பவில்லை, வரிசையையும் நம்பவில்லை. ஒவ்வொரு பையின் இடத்துக்கும் மிக அருகில் எந்தப் புள்ளி இருக்கிறது என்று கம்ப்யூட்டரையே தேடச் சொன்னேன். சீட்டில் எழுதியதும் கருவியில் பதிந்ததும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்காது, நாலைந்து மீட்டர் விலகும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருநூறு மீட்டராவது இருக்கிறது. அதனால் குழப்பம் வர வழியில்லை. இரண்டாம் பை இரண்டாம் புள்ளியில் உட்கார்ந்தது. முப்பதாம் பை சூசை மேரியின் நிலத்தில் உட்கார்ந்தது. அதன் உப்பு அரைகூட இல்லை, நல்ல மண். லா பை எங்கள் தென்னந்தோப்பின் நடுவில், நான் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்துக்கு மூன்று மீட்டரில் போய் உட்கார்ந்தது.

எட்டு வருஷமாக அந்த ஆழ போர் தண்ணீரை மண்ணில் கொட்டியிருக்கிறோம். தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், இளநீர் இனிக்கும் என்று அப்பா அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

மணி இரண்டாகிவிட்டது. சூசை மேரியிடம் போன் கிடையாது, அவர் மகன் நம்பரும் என்னிடம் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டேன்.

“அப்பா, சூசைம்மா நிலம் நல்ல நிலம். மேப்பு தப்பு. நான்தான் மாத்தி ஒட்டிட்டேன். ரெஜிஸ்டர் ஆபீசுக்கு ஜல்தியா போய் நிறுத்து.”

“அப்ப உப்பு?”

“நம்முளுது.”

பச்சைமுத்துவைச் சத்தம் போடாதே என்று அவர் அதட்டுவது கேட்டது.

“எவ்ளோ உப்பு?”

“மல்லாட்டை வெச்சா எழும்பாது. தென்னைக்கும் இனிமே கஷ்டம்தான்.”

“லா-ன்னு நான் எழுதுன பையா?”

“ஆமாம்பா.”

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. போர்டு செய்யக் கொடுத்தாகிவிட்டது, அதற்குப் பெயிண்ட் கலர்கூட அவரே சொல்லியிருந்தார். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இனி அவர் போக மாட்டார் என்று முடிவு பண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்பாவைப் பற்றி நான் போட்ட கணக்கும் அந்த வரைபடத்தின் தரத்தில்தான் இருந்தது.

திண்டிவனம் ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது மூன்றரை. மின்வெட்டு. உள்ளே விற்பவரையும் வாங்குபவரையும் போட்டோ எடுக்கிற கேமரா வேலை செய்யவில்லை என்று எல்லாரையும் வெளியே மரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். அந்த வருஷம் முழுக்க நான் திட்டிய மின்சார வாரியத்தை அன்று ஒருநாள் மனதாரக் கும்பிட்டேன். சீனுவாசன் பத்திரத்தால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூசை மேரியும் மகனும். அப்பா அவர்கள் எதிரில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் வியர்வை. அந்த வெயிலில் மார்க்கெட் ரோட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

“சூசைம்மா, கையெழுத்து போடாத. அந்த உப்பு என்னுது” என்றார்.

சத்தமாகத்தான் சொன்னார். பத்திரம் எழுதுகிறவர்கள், சாட்சிக்கு வந்தவர்கள், டீ விற்கிறவர் எல்லாரும் திரும்பினார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் மண்டிக்கு வருகிறவர்கள்.

“என்னா நயினாரே சொல்ற?”

“மிஷினு தப்பு பண்ணல. எம்புள்ள தப்பு பண்ணான். எம்புள்ள மட்டும் இல்ல, பையில எழுதுனது நானு. என் மண்ணுல எடுத்த உப்பு உன் பேர்ல ஏறிடுச்சு. உன் மண்ணு நல்ல மண்ணு. காலைலதான் பாத்தேனே, அந்தக் காயி உப்புல வராது. பாத்துட்டே எனக்குப் புத்தி வரல.”

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து காட்டப் போனேன். யாரும் பார்க்கவில்லை. சீனுவாசன் மட்டும் நிதானமாகப் பத்திரத்தை மடித்தார்.

“அப்ப நயினாரே, உங்க நிலத்த குடுக்கிறதா இருந்தா சொல்லுங்க. உப்பு மண்ணுதானே” என்றார்.

அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அந்தோணி பிரபுவுக்குக் கோபம். லீவு வீண், ரெண்டு பஸ் மாறி வந்தது வீண் என்று என்னைப் பார்த்துத் தொடர்ந்து பேசினான். எல்லாமே நியாயம். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சூசை மேரி மரத்தடித் திட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது.

“செத்த மண்ணுன்னு நெனச்சிக்கினு அதும் மேல நடக்கவே மனசு வரலப்பா இத்தினி நாளா” என்றார். “நல்லாதான் இருந்திச்சா அது?”

“நல்லாத்தான் இருந்திச்சும்மா” என்றேன். ஒரு கட்டத்தைக் காப்பி எடுத்து இன்னொரு கட்டத்தின் பக்கத்தில் ஒட்டியதற்கு ஒருவர் இத்தனை மாதம் தன் நிலத்தில் கால் வைக்கத் தயங்கியிருக்கிறார்.

அப்பா போர்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் பெயரை அழித்து, மண்டிப் பெயரை எழுதி, மார்க்கெட் ரோட்டிலேயே மாட்டிவிட்டார். எங்கள் நிலத்துக்கு ஜிப்சம் போட்டு, போர் தண்ணீரைக் குறைத்து, மழைநீர் தேக்க வரப்பு கட்டினார். என்னை மண்டியில் யாரிடமும் அறிமுகப்படுத்துவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து நெடும்பாக்கத்துக்குப் போனேன். எல்லாம் சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்பதற்கு அந்த ஊரில் இப்போது மதிப்பு இல்லை. சூசை மேரியின் கண் எதிரே, அவர் காட்டிய இடங்களில் மறுபடி மண் எடுத்தேன். சீட்டில் எண், இடம், பெயர் எல்லாம் எழுதினேன். பைமேலும் எண், இடம், பெயர். சிக்கனத்தை விட்டுவிட்டேன். பிறகு மை பாட்டிலைத் திறந்து முதல் பையைக் கையில் எடுத்தேன். என் கை கொஞ்சம் தயங்கியது. முதல் பை. முதல் பைக்கு என்ன எழுத வேண்டும் என்று என் உடம்புக்கே பழக்கமாகியிருக்கிறது.

சூசை மேரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷமாக எங்கள் மண்டிக்கு மூட்டை கொண்டு வருகிறவர்.

“தம்பி, ஒண்ணுன்னே போடு. இன்னொரு தபா பேஜாரு வேணாம். லாபத்த நான் மல்லாட்டை புடுங்கும்போது பாத்துக்கிறேன்” என்றார்.

ஒன்று என்று போட்டேன். அவர் குனிந்து அதைப் படித்துப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு நிலத்துக்குள் நடந்து போனார்.